ஏழு ஆண்டுகளில் ஐந்து வேலைகள் பார்த்தவரை நீண்ட காலப் பொறுப்புக்கு எடுக்கலாமா?

ஆய்வகப் பொறுப்பாளர் எழுதியது (தொடக்கப் பதிவு)

மருந்து உற்பத்தி நிறுவனம் ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தை நான் நிர்வகிக்கிறேன். ஸ்டெபிலிட்டி ஆய்வுகளுக்குப் பொறுப்பேற்க ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. இத்துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மருந்து எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும் என்று அறிய, அதன் பேட்ச்சுகளைக் குறிப்பிட்ட வெப்பநிலையும் ஈரப்பதமும் மாறாத சேம்பரில் வைத்திருப்போம். முதல் ஆண்டில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டில் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சாம்பிள் எடுத்துச் சோதிப்போம். 36 மாத ஆய்வு என்றால், தொடக்க நாளையும் சேர்த்து எட்டு முறை சோதனை நடக்கும். ஆகவே, இந்தப் பொறுப்புக்கு வருபவர் நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று விளம்பரத்திலேயே குறிப்பிட்டிருந்தோம்.

இறுதிச் சுற்றில் இருவர் இருக்கிறார்கள். முதலாமவருக்கு ஏழு ஆண்டுகளில் ஐந்து நிறுவனங்கள். அவர் அங்கே பணிபுரிந்த காலம் வரிசையாக 14, 9, 11, 20 மாதங்கள். இப்போதுள்ள இடத்தில் 26 மாதங்கள் ஆகியும் தொடர்கிறார். இரண்டாவது வேலைக்கும் மூன்றாவது வேலைக்கும் நடுவில் நான்கு மாதங்கள் வேலை இல்லாமல் இருந்திருக்கிறார். இரண்டாமவர் ஒரே இடத்தில் ஒன்பது ஆண்டுகள் இருக்கிறார். எழுத்துத் தேர்வு, தொழில்நுட்ப நேர்காணல் இரண்டிலும் முதலாமவர் தெளிவாக முன்னிலையில் இருக்கிறார். ஆனால் எங்கள் தேர்வுக்குழுவில் மூத்தவரான ஒருவர், "இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாக நான்கு இடங்களில் இருந்தவரைக் கூப்பிட்டதே தவறு" என்கிறார். அவர் சொல்வதை எளிதாகத் தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை. இதை நீங்கள் எப்படி எடைபோடுவீர்கள்?

பழைய தராசு எழுதியது

உங்கள் குழுவின் மூத்தவர் சொல்வதே சரி. வேலை மாறுவது ஒரு மனப்பழக்கம். அது இடத்தோடு போவதில்லை, ஆளோடு வருகிறது. எட்வின் கிசெல்லி என்ற உளவியலாளர் 1974இல் இதற்கு "நாடோடி நோய்க்குறி" என்று பெயரே வைத்து, வலசை போகும் பறவைகளை உந்தும் உள்ளுணர்வோடு அதை ஒப்பிட்டிருக்கிறார். நேர்காணலில் ஒவ்வொரு விலகலுக்கும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும். அந்தக் காரணங்கள் பொய்யாக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. காரணம் கிடைத்ததும் கிளம்பிவிடுகிறவர் யார், காரணம் இருந்தும் பொறுத்துக்கொள்கிறவர் யார் என்பதுதான் நீங்கள் அறிய வேண்டியது. அதை எண்ணிக்கை சொல்லிவிட்டது. ஒன்பது ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்தவரிடம் குறை எதுவும் இல்லாத நிறுவனமா கிடைத்திருக்கும்?

ஊர்மாறி எழுதியது

எனக்கும் இதே சிக்கல் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன். கணவரின் பணியிட மாற்றங்களால் பத்து ஆண்டுகளில் ஆறு இடங்களில் வேலை பார்த்திருக்கிறேன். எந்த இடத்திலும் நானாக வெளியேற விரும்பியதில்லை. பயோடேட்டாவில் மாதங்களை எடுத்துவிட்டு ஆண்டுகளை மட்டும் குறிப்பிட்டால் இது கண்ணை உறுத்தாது என்று தோழி ஒருத்தி சொல்கிறாள். இரண்டு சிறிய வேலைகளை நீக்கிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். உங்களைப் போன்ற பொறுப்பில் இருப்பவர்கள் எதை விரும்புவீர்கள் என்று தெரிந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

எண்ணும் எழுத்தும் எழுதியது

ஊர்மாறி அவர்களே, இழையின் கேள்வி எதிர்த்திசையிலிருந்து கேட்கப்பட்டது என்றாலும், உங்களுக்கான விடை அதற்கும் பயன்படும் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுகளை மட்டும் எழுதாதீர்கள். 2019 முதல் 2020 வரை என்று ஒருவர் எழுதினால், அது இரண்டு மாதமாகவும் இருக்கலாம், இருபத்து நான்கு மாதமாகவும் இருக்கலாம். பல ஆண்டுகளாக ஆள் தேர்வு செய்துவரும் என்னைப் போன்றவர்கள் அதைப் பார்த்ததும் குறைந்த எண்ணிக்கையைத்தான் மனத்தில் கொள்வோம். வேலையை நீக்குவது அதைவிட மோசம். முந்தைய நிறுவனங்கள் வேறு எதைச் சொல்ல மறுத்தாலும், சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் பெரும்பாலும் உறுதிப்படுத்திவிடும். ஒவ்வொரு வேலைக்கும் கீழே "குடும்பத்தின் இடமாற்றத்தால் விலகல்" என்று ஒரே வரி எழுதினால் போதும்.

இனி ஆய்வகப் பொறுப்பாளரின் கேள்விக்கு வருகிறேன். பழைய தராசு அவர்கள் சொன்னதில் பாதி சரி. முன்பு அடிக்கடி மாறியவர் மறுபடியும் மாறும் வாய்ப்பு அதிகம் என்பது வெறும் எண்ணம் அல்ல. ஹென்றி ஃபார்பர் என்ற பொருளியலாளர் அமெரிக்க இளம் தொழிலாளர்களின் வேலைப் பதிவுகளை மாதவாரியாக ஆராய்ந்து 1994இல் வெளியிட்ட கட்டுரையில் அதைக் காட்டியிருக்கிறார். அதே கட்டுரை இன்னும் இரண்டைச் சொல்கிறது. புதிய வேலையில் சேர்வதற்கு முந்தைய ஓராண்டில் நடந்த மாற்றம், அதற்கு முன்பு நடந்த மாற்றங்களைவிட வலுவான அறிகுறியாக இருக்கிறது. அடுத்து, ஒரு வேலை முறியும் வாய்ப்பு மூன்றாம் மாதம் வரை ஏறி, அதன் பிறகு இறங்குகிறது. இந்த இரண்டையும் விட்டுவிட்டு முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டால், ஏழு ஆண்டுகளுக்கு முன் நடந்த விலகலும் சென்ற ஆண்டு நடந்த விலகலும் ஒரே எடை பெற்றுவிடும். கிசெல்லி சொன்னதும் காரணம் புலப்படாமல் இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களைப் பற்றியதுதான். இடம் மாறிய எல்லோரையும் அந்தப் பெயருக்குள் அடைப்பது அவர் செய்த வேலை அல்ல.

எண்ணிக்கையைப் பற்றி ஒன்று. 14, 9, 11, 20, 26 ஆகியவற்றைக் கூட்டினால் 80. ஐந்தால் வகுத்தால் 16 மாதங்கள். உங்கள் குழுவினர் மனத்தில் இந்தப் பதினாறுதான் ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. கடைசி வேலை இன்னும் முடியவில்லை. முடிந்ததைப் போல அதை வகுத்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் உண்டு. அந்த நான்கு விலகல்களில் எத்தனை அவரே எடுத்த முடிவு? அது தெரியாமல் நான் மேலே எதையும் சொல்ல மாட்டேன். தெரிந்தால் எழுதுங்கள்.

ஆய்வகப் பொறுப்பாளர் எழுதியது

கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதலாவது 14 மாத வேலை, மகப்பேறு விடுப்பில் சென்ற ஒருவருக்குப் பதிலாக எடுக்கப்பட்ட ஒப்பந்தப் பணி. ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் ஆய்வகத்தையே மூடிவிட்டார்கள். நான்கு மாத இடைவெளி அதனால் வந்தது. மூன்றாவதிலிருந்தும் நான்காவதிலிருந்தும் அவரே விலகியிருக்கிறார். மூன்றாவதில் பகல் வேலை என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, மூன்றாம் மாதத்திலிருந்து சுழல் ஷிஃப்டில் போட்டதாகச் சொல்கிறார். நான்காவதிலிருந்து விலகியது சம்பளத்துக்காக என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஒப்பந்தக் கடிதத்தையும் பணிவிடுவிப்புக் கடிதங்களையும் மனிதவளத் துறையினர் சரிபார்த்துவிட்டார்கள்.

எண்ணும் எழுத்தும் எழுதியது

நன்றி. அப்படியென்றால் கணக்கு மாறுகிறது. இருப்பதா போவதா என்று அவரே முடிவு செய்யக்கூடிய நிலையில் இருந்த காலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது கடைசி மூன்று வேலைகளின் 11, 20, 26 மாதங்கள், மொத்தம் 57. அந்த 57 மாதங்களில் அவராக எடுத்த விலகல்கள் இரண்டு. அதாவது சராசரியாக இருபத்தெட்டரை மாதங்களுக்கு ஒரு விலகல். தொடர்ந்துகொண்டிருக்கும் வேலையின் மாதங்கள் கூட்டலில் வர வேண்டும், விலகல் எண்ணிக்கையில் வரக் கூடாது. ஒரே பயோடேட்டா, ஒரு கணக்கில் 16, மற்றொன்றில் 28.

சில குழுக்களில் நான் வேறொரு வழக்கத்தையும் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தப் பணிகளை மொத்தமாக நீக்கிவிட்டு அவை நடக்கவே இல்லை என்பதைப் போல நடந்துகொள்வார்கள். அது தவறு. அந்த 14 மாதங்கள் அவரது விருப்பத்தைப் பற்றி எதையும் சொல்லாவிட்டாலும், ஒப்பந்தம் முடியும் வரை இருந்தார் என்பதைச் சொல்கின்றன. ஒப்பந்தக்காரர்களில் பலர் முடிவுக்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போதே வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுவது உண்டு.

பழைய தராசு எழுதியது

கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அவர் இப்போது உங்கள் முன் உட்கார்ந்திருப்பதே மூன்றாவது விலகல்தானே? நீங்கள் வேலை கொடுத்தால் 57 மாதங்களில் மூன்று விலகல்கள், அதாவது 19 மாதங்களுக்கு ஒன்று. விண்ணப்பித்தவரின் இப்போதைய வேலையை "தொடர்கிறது" என்று கணக்கில் வைப்பது, கிளம்பத் தயாராக வாசலில் நிற்பவரை வீட்டுக்குள் இருப்பவராக எண்ணுவதைப் போன்றது.

எண்ணும் எழுத்தும் எழுதியது

இது கூர்மையான மறுப்பு, ஏற்றுக்கொள்கிறேன். 28க்கும் 19க்கும் இடையில்தான் உண்மை இருக்க முடியும். இரண்டே மூன்றே நிகழ்வுகளை வைத்துக்கொண்டு அதைவிட நுணுக்கமாக யாராலும் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விலகலைக் கூட்டியதும் 28 மாதம் 19 ஆகிவிடுகிறது என்றால், அந்த எண்ணை நம்பி ஒருவரை நிராகரிப்பதும் கடினம், தேர்ந்தெடுப்பதும் கடினம். ஆனால் அதே அளவுகோலை இரண்டாமவருக்கும் வையுங்கள். ஒன்பது ஆண்டுகள் இருந்தவரும் கிளம்பத் தயாராகத்தான் வாசலில் நிற்கிறார். அவரை நகர வைத்தது எது என்று யாராவது கேட்டீர்களா? நீண்ட காலம் ஒரே இடத்தில் இருந்தவரிடம் விலகும் காரணத்தைக் கேட்க நாம் மறந்துவிடுகிறோம்.

சேம்பர் காவலன் எழுதியது

நானும் இதே வேலையைப் பதினோரு ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன் என்பதால் வேறொரு கோணத்தில் கேட்கிறேன். "நீண்ட காலம்" என்று விளம்பரத்தில் போட்டீர்களே, அது எத்தனை மாதங்கள்? ஆய்வு 36 மாதங்கள் நீள்கிறது என்பதால் ஆளும் 36 மாதங்கள் இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா? ஒரு பேட்ச்சைச் சேம்பரில் வைத்தவரே எட்டாவது சாம்பிளையும் எடுத்தாக வேண்டும் என்று எந்த விதியும் சொல்வதில்லை. திட்ட ஆவணம், சாம்பிள் பதிவேடு, சேம்பரின் வெப்பநிலைப் பதிவு ஆகிய மூன்றும் ஒழுங்காக இருந்தால் ஆள் மாறினாலும் ஆய்வு நடக்கும். அவை ஒழுங்காக இல்லையென்றால் ஒருவரே பத்து ஆண்டுகள் இருந்தாலும், அவர் விடுப்பில் போகும் வாரத்தில் எல்லாம் நின்றுவிடும்.

என் அனுபவத்தில் புதியவர் ஒருவர் பதிவேட்டைத் தனியாகக் கையாள ஆறு மாதங்கள் ஆகும். எந்த மாதத்தில் சாம்பிள்கள் குவியும், எந்தக் காலாண்டில் சோதனைக் கருவிகள் போதாமல் போகும், சோதனை தாமதமானால் யாரிடம் எழுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதெல்லாம் பழக, ஆண்டுச் சுழற்சி ஒன்றை முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகு ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ இருந்தால் நிறுவனம் அவருக்காகச் செலவிட்ட உழைப்பு திரும்பக் கிடைத்துவிடும். ஆக, உண்மையான தேவை 24 முதல் 30 மாதங்கள். இந்த எண்ணை வைத்துக்கொண்டு அவருடைய 20ஐயும் 26ஐயும் பாருங்கள். ஐந்து ஆண்டுகள் என்று மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பதைவிடப் படம் வேறாகத் தெரியும்.

அத்துடன் நேர்காணலில் கேட்க ஒரு கேள்வி தருகிறேன். "நீங்கள் அங்கே இருந்தபோது தொடங்கிய ஆய்வுகள் எவை, முடிந்தவை எவை, நீங்கள் வெளியேறிய நாளில் பாதியில் நின்றவை எவை, அவற்றை யாரிடம் எப்படி ஒப்படைத்தீர்கள்?" குறுகிய காலம் இருந்து பழகியவர்களில் ஒரு வகையினருக்குத் தொடங்கியதெல்லாம் நினைவிருக்கும், முடிந்தது ஒன்றும் நினைவிருக்காது. இந்தத் துறையில் தொல்லைகள் 18ஆம் மாதத்திலும் 24ஆம் மாதத்திலும்தான் தலைகாட்டும். மாசுப்பொருளின் அளவு மெல்ல ஏறி வரம்பை நெருங்கும்போதோ, மாத்திரை கரையும் வேகம் குறையும்போதோ, அந்த ஆய்வைத் திட்டமிட்டவர் பல நேரம் அங்கே இருக்க மாட்டார். தான் எடுத்த முடிவின் விளைவு தன் மேசைக்கே திரும்பி வந்ததை ஒருமுறையாவது பார்த்தவரா என்பதைத்தான் நான் தேடுவேன்.

கூர்முனை எழுதியது

ஒரே கேள்வி. இந்த நாற்காலியில் இதற்கு முன் இருந்தவர்கள் எத்தனை மாதங்கள் இருந்தார்கள்?

ஆய்வகப் பொறுப்பாளர் எழுதியது

கூர்முனை அவர்களின் கேள்விக்கு விடை சொல்லச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கடைசியாக இருந்தவர் 15 மாதங்கள், அவருக்கு முன்பு இருந்தவர் 19 மாதங்கள். இருவரும் அதற்கு முன் பணிபுரிந்த இடங்களில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்கள். நிலையானவர்கள் என்று பார்த்துத்தான் எடுத்தோம்.

இருவரும் விலகும்போது சொன்ன காரணத்தைக் கோப்பில் தேடிப் பார்த்தேன். "தனிப்பட்ட காரணம்" என்றே இரண்டிலும் இருந்தது. ஆனால் அவர்களோடு வேலை செய்தவர்களைக் கேட்டபோது வேறொன்று தெரிந்தது. சேம்பரின் வெப்பநிலையோ ஈரப்பதமோ வரம்பைத் தாண்டினால், எச்சரிக்கை அழைப்பு பொறுப்பாளரின் கைபேசிக்கு மட்டுமே போகும்படி அமைத்திருக்கிறோம். மாதத்தில் நான்கைந்து இரவுகள் அழைப்பு வருகிறது. அவற்றில் பாதி, கதவைச் சரியாக மூடாததால் வருவது. விடுமுறை நாளிலும் அவர்தான் வர வேண்டும். இதை விளம்பரத்திலும் சொல்லவில்லை, நேர்காணலிலும் சொல்லவில்லை.

எண்ணும் எழுத்தும் எழுதியது

பிறகென்ன, இந்த இழையின் தலைப்பையே நீங்கள் மாற்ற வேண்டியிருக்கும்! நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓரிடத்தில் இருக்கத் தெரிந்த இருவர் உங்களிடம் ஒன்றரை ஆண்டில் களைத்துப்போயிருக்கிறார்கள். வருபவரின் குணத்தை அளப்பதில் நீங்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், மூன்றாமவருக்கும் அதே இரவு அழைப்புகள்தான் காத்திருக்கின்றன.

இப்போது முதலாமவரின் மூன்றாவது வேலையை மறுபடி படியுங்கள். பகல் வேலை என்று சொல்லிச் சுழல் ஷிஃப்டில் போட்டதால் அவர் விலகினார். நீங்களும் ஏறக்குறைய அதையே செய்யவிருந்தீர்கள். சேரும்போது சொன்ன வேலையும் கையில் கிடைத்த வேலையும் வேறாக இருக்கும்போது விலகுவார் என்று அவருடைய வரலாறு தெளிவாகச் சொல்கிறது. அது உங்களுக்குப் பயன்படும் செய்திதான். அடுத்த சந்திப்பில் இரவு அழைப்புகளின் பதிவேட்டை அவர் முன் வைத்துவிடுங்கள். கடந்த மூன்று மாதங்களில் எந்த நாளில், எந்த நேரத்தில், எதற்காக அழைப்பு வந்தது என்று அவரே படிக்கட்டும். படித்துவிட்டு அவர் பின்வாங்கினால், பத்து மாதம் கழித்து நேரக்கூடிய விலகல் இப்போதே செலவில்லாமல் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய தராசு எழுதியது

நாற்காலியில் குறை இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் குறையுள்ள நாற்காலிக்குத்தான் பொறுமையுள்ள ஆள் தேவை என்று நான் சொன்னால் அதையும் நீங்கள் மறுக்க முடியாது. சம்பளத்துக்காக 20 மாதத்தில் கிளம்பியதைப் பற்றி யாரும் பேசவே இல்லை. அடுத்த நிறுவனம் கூடுதலாகக் கொடுத்தால் இங்கிருந்தும் கிளம்புவாரா மாட்டாரா?

சேம்பர் காவலன் எழுதியது

கிளம்பலாம். இருபது மாதங்களாக ஊதிய உயர்வு இல்லாத இடத்திலிருந்தா, உயர்வு இருந்தும் பற்றாமல் கிளம்பினாரா என்பதைக் கேட்டால்தான் அது தெரியும். முதலாவது என்றால், ஊதிய மறுஆய்வு எந்த மாதம் நடக்கும் என்று நியமனக் கடிதத்தில் எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இரண்டாவது என்றால் நீங்கள் சொல்வதுபோல எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும். பொறுமையைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பொறுத்துக்கொண்டே இருப்பவர்கள் சில நேரம் கதவு மூடாததைப் பற்றிப் புகார்கூடச் செய்வதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அப்படி ஒருவர் இருந்தார். எட்டு ஆண்டுகளாக இரவில் எழுந்து வந்து கதவை மூடிவிட்டுப் போயிருக்கிறார், ரப்பர் சீலை மாற்றச் சொல்லிக் கேட்டதே இல்லை.

ஊர்மாறி எழுதியது

என் கேள்விக்கு விடை தந்ததற்கு நன்றி, மாதங்களைச் சேர்த்தே எழுதிவிட்டேன். உங்கள் விவாதத்தைப் படித்ததில் ஒரு சந்தேகம் எழுகிறது. தானாக விலகியதையும் சூழ்நிலையால் விலகியதையும் பிரிக்கிறீர்கள். என்னைப் போன்றவர்களின் விலகல் எதில் சேரும்? நான் விரும்பி விலகவில்லை. ஆனால் கணவருக்கு மறுபடியும் மாற்றல் வந்தால் மறுபடியும் விலகுவேன். குணத்தில் குறை இல்லை என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னாலும், நான் போய்விடும் வாய்ப்பு குறையப்போவதில்லையே?

எண்ணும் எழுத்தும் எழுதியது

உண்மையைச் சொன்னால், இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. விலகலை இரண்டாகப் பிரிக்காமல் மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்பதை உங்கள் கேள்வி காட்டுகிறது. மூடப்பட்ட ஆய்வகம் மறுபடி அவரைத் தேடி வராது. சம்பளம் பற்றிய ஏக்கம் வரலாம். குடும்ப இடமாற்றம் என்பது காரணம் இன்னும் தொடர்கிறதா என்பதைப் பொறுத்தது. ஆனால் கணவரின் வேலையைப் பற்றி நேர்காணலில் கேட்பதை நான் ஏற்பதில்லை. பல இடங்களில் அது சட்டப்படியும் சிக்கலான கேள்வி. ஆண்களிடம் யாரும் அதைக் கேட்பதும் இல்லை. "இந்தப் பணி 24 மாதங்களாவது ஒருவர் இருந்தால்தான் எங்களுக்குப் பயன்படும், அதற்குத் தடையாக உங்களுக்கு இப்போதே தெரிந்தது ஏதேனும் உண்டா?" என்று எல்லோரிடமும் ஒரே சொற்களில் கேட்பேன். விடை எப்படி வந்தாலும் அதற்கு மேல் தோண்ட மாட்டேன். இதில் சில நேரம் ஏமாந்தும் இருக்கிறேன்.

ஆய்வகப் பொறுப்பாளர் எழுதியது (பத்து நாட்களுக்குப் பிறகு)

இருவரையும் மீண்டும் அழைத்துப் பேசினோம், நடந்ததை எழுதுகிறேன்.

முதலாமவரிடம் சேம்பர் காவலன் அவர்களின் கேள்வியை அப்படியே கேட்டோம். இப்போதைய இடத்தில் அவர் தொடங்கிய ஆய்வுகளில் சில 24ஆம் மாதச் சோதனையைச் சென்ற மாதம்தான் தாண்டியிருக்கின்றன. அவற்றில் ஒன்றில் 18ஆம் மாதத்தில் மாசுப்பொருள் ஏறத் தொடங்கியது. முதலில் சோதனைப் பிழை என்று அவரே நினைத்து, மறுசோதனைக்கு ஒப்புதல் வாங்கி, பிறகு அது பிழை இல்லை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். தன் முதல் கணிப்பு தவறு என்பதை அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஏன் இப்போது விலகுகிறார் என்று கேட்டதற்கு, அந்த நிறுவனம் சோதனைகளை வெளி ஆய்வகத்துக்கு மாற்றிக்கொண்டிருப்பதாகவும், இனிமேல் சாம்பிள்களைப் பொட்டலம் கட்டி அனுப்புவதே தன் வேலையாக இருக்கும் என்றும் சொன்னார். சம்பளத்தைப் பற்றி: நான்காவது இடத்தில் 20 மாதங்களில் ஒரு உயர்வு கிடைத்திருக்கிறது, அது போதவில்லை என்று நினைத்திருக்கிறார். ஆக, பழைய தராசு அவர்களின் கவலை முழுதாகத் தீரவில்லை.

அவர் கொடுத்த பெயர்களில் நான்காவது நிறுவனத்தின் மேலாளரிடம் தொலைபேசியில் பேசினேன். முதலில் தேதிகளை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். "இடம் இருந்தால் மறுபடி எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டதும், "எடுத்துக்கொள்வேன், அவர் எழுதிக் கொடுத்த ஒப்படைப்புக் குறிப்பை இன்னும் பயன்படுத்துகிறோம்" என்றார். மூன்றாவது இடத்திலிருந்து எந்தப் பதிலும் வரவில்லை.

இரவு அழைப்புப் பதிவேட்டைக் காட்டினோம். நெடுநேரம் படித்துவிட்டு, "இதை ஒருவரே பார்ப்பதாக இருந்தால் நான் வரவில்லை" என்றார்.

இரண்டாமவரிடமும் அதே கேள்விகளைக் கேட்டோம். ஒன்பது ஆண்டுகளில் அவர் சோதனைகளைச் செய்திருக்கிறார். திட்டத்தையும் பதிவேட்டையும் வேறொருவர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏன் விலக நினைக்கிறார் என்ற கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை என்பது தெரிந்தது. பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போனதாகத் தயங்கிச் சொன்னார். இரவு அழைப்புகளைப் பார்த்துவிட்டு, "பழகிவிடும்" என்றார்.

இரவுப் பொறுப்பை நான்கு பேருக்குச் சுழற்சியில் பிரிக்க இயக்குநர் ஒப்புதல் தந்துவிட்டார். கதவுகளின் சீலையும் மாற்றுகிறோம். முதலாமவருக்கு நியமனக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். சுழற்சி ஏற்பாட்டையும் ஊதிய மறுஆய்வு மாதத்தையும் அதில் எழுத்தாகச் சேர்த்திருக்கிறோம். குழுவின் மூத்தவர் இன்னும் உடன்படவில்லை. அவருடைய மறுப்பையும் கோப்பில் வைத்திருக்கிறோம்.

பழைய தராசு எழுதியது

நானாக இருந்தால் இரண்டாமவரை எடுத்து, திட்டமிடும் வேலையைக் கற்றுக்கொடுத்திருப்பேன். "பழகிவிடும்" என்று சொன்னவரை நீங்கள் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. போகட்டும். உங்கள் கோப்பில் இன்னொன்றையும் எழுதிவையுங்கள்: அவர் எத்தனை மாதங்கள் இருப்பார் என்று குழுவில் ஒவ்வொருவரும் இன்று நினைக்கிறார்கள் என்பதை. விலகும் நாளில் "தனிப்பட்ட காரணம்" என்று எழுதி மூடிவிடாமல், இந்தத் தாளை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நான் 20 என்று சொல்கிறேன்.

சேம்பர் காவலன் எழுதியது

நான் 30 என்கிறேன், இரவுச் சுழற்சி காகிதத்தோடு நின்றுவிடாமல் நடந்தால். அது நடக்கிறதா என்று பார்க்க அவர் விலகும் வரை காத்திருக்காதீர்கள். மூன்றாம் மாத முடிவில் அழைப்புப் பதிவேட்டை எடுத்து, எந்தக் கைபேசி எத்தனை முறை ஒலித்தது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆய்வகப் பொறுப்பாளர் எழுதியது

இரண்டையும் செய்கிறேன். அவருடைய நோட்டீஸ் காலம் இரண்டு மாதங்கள். அதுவரை பதிவேடு என் மேசையில்தான் இருக்கும், இரவு அழைப்புகளும் எனக்குத்தான் வரும். நேற்று இரவு இரண்டரை மணிக்கு முதல் அழைப்பு வந்தது. கதவுதான்.